சீன எழுத்தில் பச்சை குத்துமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் சீனம் படித்த தமிழர் யாராவது சொந்தபந்தத்தில் இருந்தால், பச்சை குத்தப் போகிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எங்கள் வட்டாரத்தில் அந்த ஆள் நான். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் ஜூரோங் வட்டாரத்தில் இருக்கும் ஒரு தம்பி முன்கையில் ‘பயமில்லை’ என்று குத்த ஆசைப்பட்டார். அந்த ஒரு சொல்லிலேயே எல்லாப் பொறிகளும் வந்துபோனதால், பல பதில்கள் அதைச் சுற்றித்தான் வரும்.

“கூகுள்ல ‘நோ ஃபியர்’னு போட்டேன், சைனீஸ்ல வந்துடுச்சு. அதையே குத்திக்கலாம்ல?”

வந்தது 没有恐惧. இலக்கணத்தில் பிழை கிடையாது. ஆனால் சீனம் படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அது ‘அச்ச உணர்வு காணப்படவில்லை’ என்பதுபோல் நிற்கும். மருத்துவ அறிக்கையில் இருந்தால் பொருத்தம், கையில் இருந்தால் விநோதம். ‘பயப்படாதே’ என்று மாற்றிப் போட்டுப் பார்த்தார், 别怕 வந்தது. ஊசிக்கு அழும் பிள்ளையிடம் அம்மா சொல்வது அது.

மொழிபெயர்ப்புச் செயலி ஒரு வாக்கியத்துக்கு ஈடான இன்னொரு வாக்கியத்தைத் தரும். பச்சைக்கு வேண்டியது வாக்கியம் இல்லை. கல்வெட்டிலும் கொடியிலும் தனியாக நிற்கக்கூடிய சொல் வேண்டும். அப்படிப்பட்ட சொல் சீனத்தில் தயாராகவே இருக்கிறது: 无畏, உச்சரிப்பு ‘வூ வெய்’. நம் சாமி சிலைகளின் கையில் பார்க்கிறோமே அபய முத்திரை, அந்த ‘அபய’த்தைச் சீனப் பௌத்தர்கள் இந்தச் சொல்லால்தான் பெயர்த்தார்கள். குவான் யின் தெய்வத்துக்கே ‘அபயம் அளிப்பவர்’ என்ற பொருளில் 施无畏者 என்று ஒரு பெயர் உண்டு. ஜூரோங் தம்பிக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

செயலி இன்னொரு இடத்திலும் காலை வாரும். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று போட்டால் விடுதலைக்கு 自由 வரலாம், இலவசத்துக்கு 免费 வரலாம். இரண்டாவது, ஷெங் சியோங் பேரங்காடியில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா’ அட்டையில் இருக்கும் சொல். அதைக் குத்திக்கொண்டால் ‘இந்த ஆள் இலவசம்’ என்றாகிவிடும்.

“சைனீஸ்ல ஒரு எழுத்துன்னா ஒரு சொல்லுதானே? ‘தைரியம்’னு ஒரே எழுத்தா அழகா போட்டா என்ன?”

பழைய சீனத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இன்றைய பேச்சில் பெரும்பாலான சொற்கள் இரண்டு எழுத்துக் கூட்டு. தனி எழுத்துக்குப் பொருள் இருந்தாலும் சொல்லாக நிற்காது. சில சொற்களில் ஓர் எழுத்துக்குத் தனியாகப் பொருளே கிடையாது: பட்டாம்பூச்சி 蝴蝶, அதில் 蝴 அப்படிப்பட்டது. இடது தோளில் 蝴, வலது தோளில் 蝶 என்று ஒருவர் கேட்டார். இடது பக்கம் மட்டும் தெரியும்போது அது ‘பட்டாம்’ என்று நிற்கும்.

தைரியத்துக்கு 勇 என்ற தனி எழுத்து உண்டு, தவறும் இல்லை. ஆனால் சிங் வம்சக் காலத்துப் படைவீரர்கள் அந்த எழுத்தை வட்டத்துக்குள் போட்டு நெஞ்சிலும் முதுகிலும் சட்டையில் அணிந்தார்கள். சரித்திர நாடகங்களில் வரிசையாக ஓடிவந்து முதலில் செத்து விழும் கூட்டம் அவர்கள்தான். நெஞ்சில் வட்டம் போட்டு 勇 குத்தினால், எந்தச் சீன நண்பரும் சிரிக்காமல் இருக்க மாட்டார். வட்டம் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள், அல்லது 勇气 என்று இரண்டெழுத்தாகப் போடுங்கள்.

“ஏ-யிலேருந்து இசட் வரைக்கும் சைனீஸ் எழுத்து அட்டவணை ஒண்ணு இருக்கே, அதுல என் பேரை எழுதிக்கலாமா?”

வேண்டவே வேண்டாம். சீனத்துக்கு அப்படி ஓர் அகரவரிசை இல்லை. யாரோ சீன எழுத்துகளையும் அவற்றின் உடைந்த துண்டுகளையும் எடுத்து, ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக ஒட்டவைத்த அட்டவணை அது. ஊர் ஊராகப் பச்சைக் கடைச் சுவர்களில் தொங்குகிறது. அதை வைத்து எழுதிய பெயரை எந்தச் சீனராலும் படிக்க முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. ஆனந்த் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏ, என், ஏ, என், டி. சீனத்தில் கொடுத்த வடிவமும் ஐந்தே எழுத்தாக இருந்து, முதலும் மூன்றாவதும் ஒன்றாக, இரண்டாவதும் நான்காவதும் ஒன்றாக இருந்தால், அது அந்த அட்டவணைதான்.

“அப்போ என் தமிழ்ப் பேரைச் சீனத்துல எழுதவே முடியாதா?”

ஒலியை வைத்து எழுதலாம். நம் தலைவர்களின் பெயர்களை இங்குள்ள சீனப் பத்திரிகைகள் காலங்காலமாக அப்படித்தான் எழுதுகின்றன. எஸ்.ஆர். நாதன் 纳丹, ‘நா தான்’. தர்மன் சண்முகரத்னம் 尚达曼, ‘ஷாங் தா மான்’. இதில் ஷாங் என்பது சண்முகரத்னத்திலிருந்து எடுத்து, சீனக் குடும்பப்பெயர் போல முன்னால் வைத்தது. தா மான்தான் தர்மன்.

ஒலிக்காக எழுத்து எடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பொருள் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். எஸ். ராஜரத்தினம் 拉惹勒南. தனித்தனியாகப் பார்த்தால் ‘இழு, சீண்டு, கடிவாளம், தெற்கு’. செய்தியில் ‘அமைச்சர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும்போது எல்லாரும் பெயராகவே படிப்பார்கள். ‘ராஜா’வுக்கு 拉惹 என்று எழுதுவது சிங்கப்பூர், மலேசியப் பழக்கம். சீனாவிலிருந்து வந்தவருக்கு அது பழக்கமில்லை, வேறு எழுத்துப் போடுவார். ஆகவே உங்கள் பெயருக்கு ‘சரியான’ ஒரே சீன வடிவம் என்று எதுவும் இல்லை. தினமும் சாவ்பாவ் சீன நாளிதழ் வாசிக்கும் ஒருவரிடம் இரண்டு மூன்று வடிவம் கேட்டு, எந்த எழுத்தின் பொருளும் அசிங்கமாக இல்லாததை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பெயரைத் தமிழிலேயே குத்தலாம். ஆனால் அதைக் கேட்க யாரும் என்னிடம் வருவதில்லை.

“உச்சரிப்பு தெரியும், ‘வூ வெய்’. போன்ல டைப் பண்ணிக் கடைக்காரருக்கு அனுப்பிட்டேன். முடிஞ்சது இல்ல?”

முக்கியமான பொறி இங்கேதான். சீனத்தைப் பெரும்பாலும் ஒலியை வைத்துத்தான் தட்டச்சு செய்கிறோம். விசைப்பலகையில் wuwei என்று அடித்தால் ஒரே சொல் வராது, ஒரு வரிசையே வரும்:

无畏 – அஞ்சாமை
无味 – ருசியில்லாதது
无谓 – அர்த்தமற்றது, வீண்
无为 – தாவோ தத்துவத்தில் வரும் ‘வலிந்து செய்யாமை’

முதல் மூன்றுக்கும் உச்சரிப்பில் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது, தொனியும் ஒன்றுதான். நான்காவதில் மட்டும் இரண்டாம் எழுத்தின் தொனி வேறு. வரிசையில் எது முதலில் வரும் என்பது போனுக்குப் போன் மாறும். நம் தம்பி முதலில் வந்ததைத் தொட்டு அனுப்பிவிட்டார். அது 无味. கோப்பிக்கடையில் உப்பு போடாத சூப்பைப் பற்றிச் சொல்லும் சொல்.

கடைக்குப் பணம் கட்டுமுன் எனக்கும் அனுப்பியதால் பிழைத்தார். அதற்கு முன்பு ஒரு சீன நண்பரிடம் போனில் ‘வூ வெய் குத்தப் போறேன்’ என்று சொல்லி, ‘நல்லா இருக்கு’ என்ற பதிலும் வாங்கியிருந்தார். நண்பர் பொய் சொல்லவில்லை. காதால் கேட்டதை அவர் 无畏 என்றே எடுத்துக்கொண்டார். சீன எழுத்தைக் காதால் சரிபார்க்க முடியாது. கண்ணில் காட்டித்தான் கேட்க வேண்டும்.

“என் சைனீஸ் கூட்டாளிகிட்ட படத்தையே காட்டிட்டேன், ‘ஓகே லா’ன்னுட்டான். இதுக்கு மேல என்ன?”

எப்படிக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘இது அஞ்சாமைதானே?’ என்று பொருளைச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலானவர்கள் முகத்தை முறிக்காமல் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இங்கே பிறந்து வளர்ந்த இளையவர்களில் பலர் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து கொஞ்சம் தடுமாறும். அதை ஒத்துக்கொள்ளவும் கூச்சப்படுவார்கள்.

பொருளைச் சொல்லாதீர்கள். பச்சை என்றும் சொல்லாதீர்கள். படத்தை மட்டும் காட்டி, ‘இதைச் சத்தமாகப் படித்து, என்ன அர்த்தம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு இரண்டாவது கேள்வி: ‘ஒருத்தர் கையில் இதைப் பார்த்தால் முதலில் என்ன தோன்றும்?’ முதல் கேள்வி எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது வாடையைக் காட்டிக்கொடுக்கும். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அறுபது தாண்டிய பக்கத்துவீட்டு அங்கிள் அல்லது ஆன்ட்டி ஒருவர், சீனாவிலிருந்து வந்து வேலை செய்பவர் ஒருவர் இருந்தால் நல்லது. முன்னவருக்குக் கோயில், சாவு, சடங்கு சம்பந்தப்பட்டது தெரியும். பின்னவருக்கு இன்றைய கொச்சைப் பேச்சும் கிண்டலும் தெரியும்.

நம் தம்பியின் 无畏-க்கு அங்கிள் ஒருவர் ‘புத்தர் கோயில் சொல், நல்லது’ என்றார். அன்ஹுயிலிருந்து வந்த சக ஊழியர் சரியாகப் படித்துவிட்டு, லேசாகச் சிரித்து, 无知者无畏 என்று ஒரு சொலவடையைச் சொன்னார்: ‘ஒன்றும் தெரியாதவனுக்குப் பயமில்லை’. இது பிழை இல்லை, சொல்லின் வால். அது பரவாயில்லையா என்று தம்பிதான் முடிவு செய்ய வேண்டும். யோசித்துப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

“கேட்க வெட்கமா இருக்கு. நானே சரிபார்க்க வழி இருக்கா?”

இருக்கிறது, ஆனால் மேலே சொன்னதற்கு மாற்று இல்லை. முதல் வழி, பிளீகோ போன்ற சீன அகராதிச் செயலி. மொழிபெயர்ப்புச் செயலி வாக்கியத்தை விழுங்கித் துப்பும். அகராதி அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பொருள், அது சேர்ந்து வரும் சொற்கள் எல்லாம் காட்டும். விரலால் திரையில் வரைந்தும் தேடலாம். உங்கள் டிசைனைப் பார்த்து வரைந்து, வேறு எழுத்து வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி படத்தேடல். சொல்லை அப்படியே ஒட்டிப் படங்களைத் தேடுங்கள். 无味 என்று தேடினால் மணமில்லாத பெயின்ட், பசை என்று வந்து நிற்கும். ‘வாசனை அற்றது’ என்பதற்கும் அதே சொல்தான். அஞ்சாமை தேடியவருக்குப் பெயின்ட் டப்பா வந்தால், மேற்கொண்டு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“சிங்கப்பூர் எழுத்து, தைவான் எழுத்து, ஜப்பான் எழுத்துன்னு சொல்றாங்க. எதைக் குத்துறது?”

சிங்கப்பூர் 1969-ல் எளிய எழுத்துகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கி, 1976-ல் சீனாவின் பட்டியலோடு ஒத்துப்போனது. அதனால் இங்கே பள்ளியிலும் பத்திரிகையிலும் எளிய வடிவம். தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய வடிவம். இங்கேயும் கோயில், குலச் சங்கம், தூரிகை எழுத்து என்று வந்தால் பழைய வடிவம் நிற்கும். 无畏 எளியது, 無畏 பழையது. இரண்டும் சரி. பழையதில் அந்த முதல் எழுத்துக்கு மட்டும் 12 கோடு, எளியதில் 4. மை காலப்போக்கில் தோலுக்குள் சற்றுப் பரவும் என்பதால், கோடு நெருங்கிய எழுத்தைச் சின்னதாகக் குத்தினால் சில வருடங்களில் இடைவெளி அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும்.

கூடாதது கலப்பு. ஒரே சொல்லில் ஓர் எழுத்து பழையது, அடுத்தது எளியது என்று வைப்பது எழுத்துருப் பிரச்சினையால் அடிக்கடி நடக்கிறது. தைரியம் என்ற சொல்லையே பாருங்கள்: எளியது 勇气, பழையது 勇氣, ஜப்பானியம் 勇気. மூன்றில் எது உங்களுடையது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, எழுத்துருவை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

“ஒரு கோடு அப்படி இப்படி இருந்தா என்ன, கையெழுத்து மாதிரி எடுத்துக்க மாட்டாங்களா?”

சில இடத்தில் எடுத்துக்கொள்வார்கள், சில இடத்தில் சொல்லே மாறிவிடும். 幸 நல்வாழ்வு, அதன் தலையில் ஒரு குறுக்குக்கோடு விட்டுப்போனால் 辛, துன்பம். 未-ல் மேல்கோடு குட்டை, பொருள் ‘இன்னும் இல்லை’. மேல்கோடு நீண்டால் 末, ‘முடிவு’. சீனப் புத்தாண்டுக்குக் கதவில் ஒட்டும் 福 எழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு புள்ளி கூடினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது எழுத்துப்பிழைதான்.

நம் சொல்லிலேயே பாருங்கள். 无-இன் கடைசிக் கோடு வலப்பக்கம் போய்க் கொக்கியாக மேலே வளைய வேண்டும். கொக்கி இல்லாமல் சாய்ந்து இறங்கினால் 天, வானம். சீனம் தெரியாத கலைஞர் பார்த்து வரையும்போது இது சுலபமாக நடக்கும். தூரிகையால் எழுதியதுபோல் ஓடும் கூட்டெழுத்து வேண்டும் என்றால், எழுத்துருவை நம்பாமல் சைனாடவுனில் சீன எழுத்துக்கலை தெரிந்த ஒருவரிடம் காகிதத்தில் எழுதி வாங்கி, அதையே அச்செடுக்கச் சொல்லுங்கள்.

“கடையில ஸ்டென்சில் ஒட்டியாச்சு. அப்போ எதைப் பார்க்கணும்?”

ஊசி தொடும்முன் கடைசி வாய்ப்பு அது, அவசரப்படாதீர்கள். தலைகீழாகவோ கண்ணாடி பிம்பமாகவோ இடம்வலம் புரண்டோ ஒட்டியிருக்கலாம். கண்ணாடியில் பார்த்துச் சரிபார்க்காதீர்கள், அது எப்படியும் திருப்பித்தான் காட்டும். செல்ஃபி கேமராவும் சில போன்களில் திருப்பும். பின்பக்கக் கேமராவில் வேறொருவரை எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தை நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்த எழுத்தோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள். முடிந்தால் அந்தப் படத்தையே உங்கள் அங்கிளுக்கு அனுப்புங்கள். மறுபடியும் பொருளைச் சொல்லாமல்.

“முதுகெலும்பு வழியா மேலேருந்து கீழே வேணும். வரிசை மாறுமா?”

ஒரே வரிசை என்றால் மேலிருந்து கீழ், எழுத்துகள் நிமிர்ந்தே நிற்கும், படுக்கக் கூடாது. இரண்டு வரிசை வந்தால் மரபுப்படி வலப்பக்க வரிசைதான் முதல். பக்கவாட்டில் இன்று இடமிருந்து வலம். பழைய கோயில் பலகைகளில் வலமிருந்து இடமாக இருப்பதைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்லாதீர்கள். 情人 காதலர், திருப்பிப் படித்தால் 人情, அதாவது செய்த உதவிக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடப்பாடு.

“அம்மா நினைவா ‘孝’ குத்தலாம்னு இருக்கேன். பெற்றோர் பக்திதானே, இதுல என்ன தப்பு?”

பொருளில் தப்பு இல்லை. அகராதியில் தேடினாலும் நல்லதாகவே வரும். ஆனால் இங்கே சீனக் குடும்பத்தில் சாவு நடந்தால், உறவினர்கள் சட்டைக் கையில் ஒரு சின்னத் துணித்துண்டைக் குத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். துக்கம் அனுசரிப்பதற்குச் சீனத்தில் 戴孝 என்று பெயர், ‘孝-ஐ அணிவது’. அந்த எழுத்தை மேல்கையில் நிரந்தரமாகப் பொறித்தால், வயதானவர்கள் கண்ணுக்குத் தீராத துக்கம்போல் படலாம். இதைத்தான் மேலே வாடை என்றேன். அம்மா இறந்துவிட்டார், துக்கமும் சேர்ந்தே இருக்கட்டும் என்றால் அது உங்கள் விருப்பம். அம்மா இருக்கிறார் என்றால் 母爱, தாயன்பு, பாதுகாப்பானது.

“அண்ணே, ஏற்கெனவே தப்பா குத்திட்டேன். ஒரு எழுத்து சேர்த்துச் சரிபண்ணிடலாமா?”

2019 ஜனவரியில் பாடகி அரியானா கிராண்டே இதைத்தான் செய்து பார்த்தார். ‘ஏழு மோதிரம்’ என்று ஜப்பானியத்தில் உள்ளங்கையில் எழுத நினைத்து, நடுவில் சில எழுத்துகளை விட்டு 七輪 என்று குத்தினார். ஜப்பானியத்தில் அது கரி போட்டு இறைச்சி வாட்டும் சின்ன அடுப்பு. (சீனத்தில் ஏழு சக்கரம். யோகாக்காரர்கள் உடம்பின் ஏழு சக்கரங்களுக்கு இதைத்தான் எழுதுவார்கள், அதனால் சீனராயிருந்தால் தப்பித்திருப்பார்.) விரல் என்ற எழுத்தைப் பிறகு சேர்த்தார். அது நடுவில் வர வேண்டியது. ஏற்கெனவே குத்தியவற்றுக்கு நடுவே இடமில்லாததால் வரிசை சிதறி, ‘அடுப்பு விரல்’ என்று படிக்கிறார்கள் என்ற கேலிதான் மிஞ்சியது.

கோடு குறைந்திருந்தால் சேர்க்கலாம். 辛-இன் தலையில் ஒரு குறுக்குக்கோடு போட்டு 幸 ஆக்கிவிடலாம், கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். கோடு கூடியிருந்தாலோ 无味 போல எழுத்தே வேறாக இருந்தாலோ சேர்ப்பதில் பலனில்லை. மேலே வேறு படம் போட்டு மூடவேண்டும், அல்லது லேசரில் மங்க வைத்துவிட்டு மூடவேண்டும். மூடப்போகும் படத்திலும் சீன எழுத்து வைக்கச் சொல்லிக் கலைஞர் யோசனை சொன்னால், இந்தப் பக்கத்தை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.